மேம், மைக் ஆஃப்ல இருக்கு

அம்பரீனும் நானும் ஒரே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களாக இருந்தவர்கள். அவள் வணிகவியல், நான் கணிதம். ஆம்பூரிலிருந்து அவளும் வேலூர் பாகாயத்திலிருந்து நானும் பேருந்து பிடித்துப் போய் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவோம். தொற்றுக் காலத்தில் அந்த வேலை போனது. வீட்டிலிருந்து கைபேசியில் வகுப்பெடுக்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கல்லூரிகள் திறந்ததும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் இருவரும் நிறுத்தவில்லை. அவள் கணக்குப்பதிவியல் எடுத்தாள். நான் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்தேன். மாணவர்கள் இரண்டு பேருக்கும் பொது. ஆனால் உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் அவளுக்காக வந்தார்கள், வந்த இடத்தில் என்னிடமும் படித்தார்கள்.

அவள் வகுப்பை ஒருமுறை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கும் அவளுடைய கணவர் அஸ்பாக் வாங்கிக் கொடுத்த டேப்லெட்தான் அவளுக்குக் கரும்பலகை. கண்ணாடியில் பேனா வழுக்குகிறது என்று மேலே சொரசொரப்பான தாள் போன்ற ஒரு படலம் ஒட்டியிருந்தாள். அதில் எழுதி எழுதிப் பேனா முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். மாற்று முனைகளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பாள். பக்கத்தை முன்கூட்டியே கோடு போட்டு வைத்துக்கொள்வாள்: நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. கணக்கு கறுப்பில் ஏறும். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் பக்க ஓரத்தில் நீலத்தில் வரும். எழுதும்போதே பேசுவாள். அந்தப் பேச்சுதான் விஷயம்.

"இப்ப கௌதம் கடைய மூடுறான். மேசை, நாற்காலி, சரக்கு, எல்லாம் ரியலைசேஷன் அக்கவுண்டோட டெபிட் பக்கம் போவுது. எந்த வெலைக்குப் போவுது? வித்த வெலைக்கா? இல்ல கண்ணு, புக்குல இருக்குற வெலைக்கு. வித்த காசு அப்புறம் அந்தாண்ட பக்கம் வரும். அவசரப்படாத."

உருது வீட்டுத் தமிழ். கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் சிரிக்கும். பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்கு வரும் பெண்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, திரையைக்கூடப் பார்க்காமல், அந்தக் குரலைக் கேட்டே ஐந்தொகை போடக் கற்றுக்கொண்டார்கள். மெஹக் என்று ஒரு பெண். தையல் பிரிவில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். இரண்டு அரியர் வைத்திருந்தாள். "மிஷின் ஓட்டறப்பகூட மேம் பேசறது காதுல கேட்டுக்கினே இருக்கும்" என்று ஒருமுறை குழுவில் எழுதினாள்.

நேரலை வகுப்பு சாயங்காலத்தில். அது தானாகப் பதிவாகும். மறுநாள் காலையில் அம்பரீன் அந்தப் பதிவை இறக்கி, உட்கார்ந்து வெட்டுவாள். வகுப்பு நடக்கும் அறைக்குக் கூடத்துப் பக்கம் கதவு உண்டு; அதற்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். குக்கர் விசில், தெருவில் மீன்காரர், தொழுகை அழைப்பின்போது அவள் மைக்கை அணைத்துக் காத்திருக்கும் நேரம், பிள்ளைகளின் ஒரே மாதிரியான சந்தேகங்கள் எல்லாம் வெட்டில் போகும். எல்லாவற்றையும்விட அதிகமாகப் போவது அவளுடைய மகள் தூபா. இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண். வகுப்பு நடுவில் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு, அம்மாவை 'அம்மி' என்று கூப்பிட்டபடி வந்து பென்சில் கேட்பாள், தலை வாரச் சொல்வாள், சும்மா மடியில் ஏறுவாள். ஆரம்பத்தில் அம்பரீன் அதையெல்லாம் விட்டுவைத்தாள். ஒரு மாணவன், "மேம், தேர்வு நேரத்துல ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டறோம், நடுவுல பாப்பா வந்தா கணக்கு விட்டுப்போவுது" என்று எழுதியதிலிருந்து விடவில்லை; ஏற்கெனவே போட்டவற்றையும் எடுத்து வெட்டித் திரும்பப் போட்டாள். ஒரு மணி நேர வகுப்பு நாற்பது நிமிட வீடியோவாகிச் சுத்தமாக வெளியே போகும். டேப்லெட்டில் இடம் போதாது என்பதால் மூலப்பதிவை அன்றைக்கே அழித்துவிடுவாள்.

"உன் வீடியோவப் பாத்தா வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றேன் ஒருநாள்.

"அதான் வேணும் பிரிசி" என்று சிரித்தாள். "கணக்கு மட்டும் இருக்கட்டும்."

ஜூலையில் அவள் குரல் கரகரக்கத் தொடங்கியது.

அந்த வருடம் பாடத்திட்டம் மாறியிருந்தது. பழைய வீடியோக்களில் பாதி உதவாது. புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், நேரலையும் எடுக்க வேண்டும். பேசிப் பேசித்தான் தொண்டை கட்டிக்கொண்டது என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். மிளகுப்பால், தேன், உப்புத் தண்ணீர். ஆம்பூரில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர் மாத்திரை கொடுத்துப் பேசாமல் இருக்கச் சொன்னார். வாத்தியாரிடம் பேசாமல் இருக்கச் சொன்னால் எப்படி? ஆகஸ்டில் இன்டர்னல் தேர்வு வந்தது. அவள் பேசினாள். செப்டம்பரில் சாப்பாடு விழுங்கும்போது காதுவரை வலித்தது. டாக்டர் மூக்கு வழியாகக் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பக்கக் குரல்நாண் அசையவே இல்லை என்று வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன், அவளுக்குத் துணையாக. சதை எடுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அஸ்பாக் கம்பெனியில் விடுப்பு போட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தார். இளம் பெண் டாக்டர்தான் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் கட்டி, குருத்தெலும்பைத் தாண்டிப் போய்விட்டது. குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும். அதற்கப்புறம் கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. அப்புறம் கதிர்வீச்சு.

அஸ்பாக், "பேச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"இப்ப இருக்குற குரல் திரும்ப வராதுங்க. வேற வழியில பேசப் பழக்கலாம். அதுக்கு நாளாகும்" என்றார் டாக்டர்.

அம்பரீன் தன் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "நவம்பர்ல யூனிவர்சிட்டி எக்ஸாம் டாக்டர்" என்றாள், அந்தக் கரகரப்பான குரலில். டாக்டருக்குப் புரியவில்லை. தேர்வு எழுதப்போவது அவள் என்று நினைத்து, "எக்ஸாம் அடுத்த வருஷம் எழுதிக்கலாம்மா" என்றார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நடுவில் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு.

அந்த நாள்களில் அவள் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். தெரு விழிப்பதற்குள் ஒரு வீடியோ. பங்குதாரர் சேர்க்கை, விலகல், இறப்பு, கடைசியாகக் கூட்டாண்மைக் கலைப்பு. பிறகு நிறுமக் கணக்குகள். குரல் ஒரு கணக்குக்குத் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து பதிவு செய்து, இரண்டையும் ஒட்டுவாள். ஒட்டிய இடத்தில் குரல் மாறுவது கேட்கும். "மேம்க்குச் சளி போலிருக்கு" என்று பிள்ளைகள் குழுவில் எழுதினார்கள். அவர்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "எக்ஸாம் நேரத்துல பசங்கள பயமுறுத்தாத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூர் போயிருந்தபோது அஸ்பாக் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க சிஸ்டர். இருக்குற கொஞ்சநஞ்சக் குரலையும் பார்ட்னர்ஷிப்புக்கே செலவு பண்றா. தூபாவுக்கு எதுனா பேசி வைன்னு நாலு நாளா சொல்றேன். ஒரு துஆ ஓதட்டும். ஒரு கதை சொல்லட்டும். நாளைக்கு அது பெரிசாகி, கல்யாணம் காட்சின்னு வந்தா, உங்கம்மா குரல் இதுதான்னு போட்டுக் காட்ட வேணாமா?"

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. டேப்லெட்டில் புதுப் பக்கம் திறந்தாள். கை பழக்கத்தில் நடுவில் கோடு போடப் போனது, நிறுத்திக்கொண்டாள். மேலே 'தூபா' என்று எழுதினாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி மினுக்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா பேசறது பிரிசி? தூங்கி எழுந்தியா, சாப்ட்டியான்னு டெய்லி பேசறவ நான். இப்ப பொட்டிக்கு முன்னாடி உக்காந்து பேசுன்னா, செத்துப்போறவ பேசற மாதிரி வருது. நான் சாவப் போறேனா?"

"இல்ல."

"அப்ப கடைசி ரெண்டு நாள் சும்மா வெச்சிருக்கேன், அதுல பேசறேன். மொதல்ல டிஸொலூஷன முடிச்சிடறேன். அதுலதான் பெரிய மார்க்கு வரும்."

அந்தக் கடைசி இரண்டு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை. குறித்த தேதிக்கு நான்கு நாள் முன்பு, கலைப்புக் கணக்கைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதே மூச்சு முட்டியது. அந்த வீடியோ வெட்டாமல் என்னிடம் இருக்கிறது. புத்தகத்தில் ஏறாத ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தைப் பங்குதாரர் ஒருவரே எடுத்துக்கொள்கிறார். அதை ரியலைசேஷன் கணக்கில் வரவு வைத்து, அவருடைய மூலதனக் கணக்கில் பற்று எழுத வேண்டும். "அவரு எடுத்துக்கினாரு இல்ல, அப்ப அவரு கணக்குல" என்று சொல்கிறாள். பேனா பற்றுப் பக்கத்தில் இறங்குகிறது. மூச்சு விசில் அடிக்கிறது, ஒரு தரம், இன்னொரு தரம். பேனாக் கோடு பக்கத்தின் கீழ்வரை இழுத்துக்கொண்டு போகிறது. அஸ்பாக்கின் குரல் தூரத்தில் கேட்கிறது. அதோடு முடிகிறது.

வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றிருந்ததாகவும், தான் இறங்கி ஓடிக் கத்தியதாகவும் அஸ்பாக் பின்னால் சொன்னார். போன உடனே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து மூச்சைக் காப்பாற்றினார்கள். குழாய் வைத்தபிறகு குரல் இல்லை. சில நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக நடந்தது என்றார்கள். நல்லபடியாகத்தான் நடந்தது. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

வார்டில் மூக்கில் உணவுக்குழாயோடு படுத்திருந்தவள் முதலில் சைகையால் கேட்டது டேப்லெட்டை. என்னிடம் ஏதோ சொல்ல நினைக்கிறாள் என்று கொடுத்தேன். 'அந்த வீடியோ பாதியில் நிற்கிறது. மூலதனக் கணக்குகளை முடிக்கவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு, அதைப் படிக்கும் என் முகத்தையே பார்த்தாள். அவளுடைய கையெழுத்து மட்டும் மாறவே இல்லை.

நவம்பர் வந்தது. மழையும் வந்தது. வருடம் முழுவதும் எட்டிப் பார்க்காத பிள்ளைகள் எல்லாம் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் வருவார்கள். அரியர்காரர்கள் ராணிப்பேட்டை, குடியாத்தம், வாணியம்பாடி என்று எங்கெங்கிருந்தோ குழுவில் சேருவார்கள். 'மேம், இம்பார்ட்டன்ட் கொஸ்டின் போடுங்க', 'மேம், அஞ்சு வருஷக் கேள்வித்தாள் லைவ்ல போடுங்க', 'மேம், கணக்கு வந்துரும் தியரி வராது, தியரி வேணாம்னு சொல்லுங்க'. என் கணித வகுப்புகள் ஓடின. அவள் வீடியோக்களும் ஓடின. முன்னெப்போதும் இல்லாத அளவு ஓடின. 'இந்த செமஸ்டர் மேம் வீடியோதான் காப்பாத்துது' என்று ஒருவன் எழுதியிருந்தான். ஆனால் எல்லோரும் நேரலை கேட்டார்கள். அவள் ஒரு நேரலைகூட எடுக்காத முதல் தேர்வுக்காலம் அது.

வீடு திரும்பியிருந்தாள். கழுத்துத் துளையை மெல்லிய துணியால் மூடி, மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வாள். கதிர்வீச்சு தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. "நான் எடுக்கிறேன், அறிவிப்புப் போடு" என்று எழுதிக் காட்டினாள். வேண்டாம் என்று அஸ்பாக் சொன்னார், நானும் சொன்னேன். 'கைதானே எழுதப்போகிறது' என்று எழுதினாள்.

அறிவிப்புப் போட்டேன். சனிக்கிழமை மாலை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கைபேசியில் வகுப்பைக் கவனித்துக்கொண்டேன். திறந்த சில நிமிடங்களில் இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அவள் பலகையைப் பகிர்ந்தாள். கோடு போட்ட பக்கம். மேலே கேள்வியை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். பேனா நகர்ந்தது. ரியலைசேஷன் கணக்கு, பற்று, வரவு.

முதல் செய்தி வந்தது. 'மேம், மைக் ஆஃப்ல இருக்கு.'

அப்புறம் மழை மாதிரி. 'மேம் மியூட்ல இருக்கீங்க.' 'மேம் ஆடியோ வரல.' 'எனக்கு மட்டும்தான் வரலியா?' 'எனக்கும் வரல.' 'மேம் அன்மியூட் பண்ணுங்க.' ஒரு பையன் தன் மைக்கைத் திறந்து, "மேம், கேக்குதா? மேம், நீங்க பேசறது கேக்கல மேம்" என்று கத்தினான். அவன் குரல் அந்தச் சின்ன அறையை நிரப்பியது.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். நான் சொல்லிவிடவா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கணக்குக்குக் கீழே, நீலத்தில், தெளிவாக எழுதினாள்: 'குரல் இல்லை. எழுதுகிறேன். பார்த்துக்கொண்டே வாருங்கள்.'

பிள்ளைகள் சரியென்று விட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். 'தொண்டை கட்டிக்கிச்சா மேம்? வெந்நீர் குடிங்க மேம்.' 'கெட் வெல் சூன் மேம்.' ஒரு பெண், 'எங்கம்மா சித்தரத்தை போட்டுக் கொதிக்க வெச்சிக் குடிக்கச் சொன்னாங்க' என்று போட்டாள். அம்பரீன் அதைப் படித்து, பக்க ஓரத்தில் 'சரி' என்று எழுதினாள்.

பிறகு அவள் எழுதிக்கொண்டே போனாள். எனக்கு அன்றுதான் தெரிந்தது, அவள் கணக்கை எழுதியதே இல்லை, பேசித்தான் இருக்கிறாள் என்பது. எழுத்து அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓடி வந்தது, அவ்வளவுதான். எந்த விலைக்குப் போகிறது, ஏன் அந்தப் பக்கம், அவசரப்படாதே, இதையெல்லாம் எழுத வேண்டுமென்றால் ஒரு பதிவுக்கு ஒரு பக்கம் ஆகும். எழுதுவதா, கீழே ஓடும் சந்தேகங்களைப் படிப்பதா? படித்தால் பேனா நிற்கிறது. பேனா நின்றால் திரையில் ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை. பிள்ளைகள் இணைப்பு அறுந்துவிட்டதென்று வெளியே போய்த் திரும்ப வந்தார்கள். சிலர் வரவில்லை. 'ரெக்கார்டட் வீடியோவே பாத்துக்கலாம்டா, அதுல மேம் பேசுவாங்க' என்று ஒருவன் நண்பனுக்கு அனுப்ப வேண்டியதைப் பொதுவில் போட்டுவிட்டான். வருகை எண் திரையின் மூலையில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்க்காதது போல எழுதினாள். கடைசி ரொக்கக் கணக்கு இரண்டு பக்கமும் சமனாகி அவள் அடிக்கோடு போட்டபோது பதினேழு பேர் இருந்தார்கள். மெஹக் இருந்தாள். 'தேங்க்ஸ் மேம்' என்றாள்.

அடுத்த வகுப்பில் அவள் எழுத எழுத நான் வாசித்தேன். என் குரலில் அது கணக்காக இல்லை, பட்டியலாக இருந்தது. 'ஒரிஜினல் மேம் எப்ப வருவாங்க?' என்று கேட்டார்கள். மூன்றாவது வகுப்புக்கு அவளே வேண்டாமென்றாள். பாதியில் நின்ற அந்தக் கலைப்பு வீடியோவை மட்டும் அவள் முடித்தாள். நின்ற இடத்திலிருந்து மூலதனக் கணக்குகளைச் சத்தமில்லாமல் எழுதி ஒட்டி, வெளியே விட்டாள். மூச்சு முட்டும் இடத்தை வெட்டிவிட்டாள்.

தூபா இந்த நாள்களில் தாயிடம் ஒட்டவில்லை. துணிக்கு அடியிலிருந்து மூச்சு வரும் சத்தம் அவளைப் பயமுறுத்தியது. இருமல் வந்தால் அறையை விட்டு ஓடிவிடுவாள். ஆனால் பள்ளிவிட்டு வந்ததும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து தாயின் வீடியோவைப் போடுவாள். வீட்டுப்பாடம் எழுதும் ஏழு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் பங்குதாரர் விலகல் ஓடிக்கொண்டிருக்கும். சுவரின் இந்தப் பக்கம் அம்பரீன் பருப்புக் கடைந்துகொண்டு தன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் தூபா தகப்பனிடம் கேட்டாள். "இதுல அம்மி எல்லார் பேரும் சொல்லுது. கௌதம் பேரு, ரத்தினசாமி பேரு. என் பேரு எங்க இருக்கு?"

கௌதமும் ரத்தினசாமியும் கணக்கில் வரும் பங்குதாரர்கள்.

அன்றைக்கு அஸ்பாக் தேட ஆரம்பித்தார். கைபேசியில் கல்யாண வீடியோக்கள் இருந்தன, பாட்டுச் சத்தம்தான் கேட்டது. பிறந்தநாள் வீடியோவில் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். படமெடுப்பது எப்போதும் அம்பரீன், அவளுடைய குரல் கூட்டத்தில் தனியாகப் பிரியவில்லை. வகுப்பு வீடியோக்கள்தான் இருந்தன, மணிக்கணக்கில், நூற்றுக்கணக்கில். நானும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். எங்கே தூபா உள்ளே வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களில் திரை ஒரு கணம் துள்ளி அடுத்த வரிக்குப் போனது. அந்த வகுப்புகளின் மூலப்பதிவுகள் இல்லை. அவளுடைய இணையக் கணக்கில் தானாகச் சேர்ந்தவையும் மாதக் கெடு முடிந்து அழிந்துவிட்டிருந்தன.

அம்பரீன் வாசலில் நின்று நாங்கள் தேடுவதைப் பார்த்தாள். வந்து என் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி, 'நானேதான் வெட்டினேன்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு போய்த் துணி மடித்தாள்.

நான் குழுவில் கேட்டேன். யாராவது மேமின் நேரலை வகுப்பை வெட்டாமல் வைத்திருக்கிறீர்களா? ஏன் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் மெஹக் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேம், எங்கிட்ட ஒண்ணு இருக்குது. ஜூன்ல ஒருநா நான் லீவு. லைவ்ல இருந்தேன். அம்பரீன் மேம் வெட்டறப்ப எங்க டவுட்ட எல்லாம் தூக்கிடுவாங்க இல்ல, அதுக்காக என் போன்லயே ஸ்கிரீன் ரெக்கார்ட் போட்டேன். க்ளியரா இருக்காது."

"அதுல பாப்பா வருதா?"

"வருது மேம். ஆனா..." என்றவள், "அனுப்பறேன், நீங்களே பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆம்பூர் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். படம் மங்கல், குரல் தெளிவு. அம்பரீனின் முழுக் குரல், கரகரப்பு வருவதற்கு முந்தையது. தேய்மானம் போட்டுக்கொண்டிருக்கிறாள். திரைச்சீலை வளையங்கள் உரசும் சத்தம். 'அம்மி' என்று தூபா. அம்மி இங்க பாரேன், என்கிறாள். அம்மி.

"தூபா! கிளாஸ் நடக்குதுல்ல? எத்தினி தடவ சொல்றது உனக்கு? பேஜார் பண்ணாத. வெளிய போ. போ மொதல்ல. கதவ சாத்திட்டுப் போ."

கதவு சாத்தும் சத்தம். பிறகு அதே குரல் குழைந்து வருகிறது: "சாரி கண்ணுங்களா. எங்க விட்டேன்?"

அவ்வளவுதான். அஸ்பாக் தலையைக் குனிந்துகொண்டார். அம்பரீன் கையை வாயில் வைத்திருந்தாள். இதை நிறுத்திவிடலாம் என்று நான் கையை நீட்டினேன்.

தூபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என் பேரு! அம்மி என் பேரு சொல்லுது! மறுபடி போடுங்க ஆன்ட்டி." போட்டேன். மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். நாலாவது தரம் 'வெளிய போ' என்று வந்ததும் துள்ளி எழுந்தாள். ஓடிப்போய் வெளியே நின்று கதவைச் சாத்தினாள். விளையாட்டு அவளுக்கு.

"சாத்திட்டேன் அம்மி!" என்று வெளியிலிருந்து கத்தினாள். "அம்மி, சாத்திட்டேன்! உள்ள வரட்டா?"

நாங்கள் மூன்று பேரும் கதவைப் பார்த்தோம். அஸ்பாக் வாய் திறந்தார். அம்பரீன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தானே மகளைக் கூப்பிட வேண்டும் என்பது போல உதடுகளை அசைத்தாள். வா பேட்டா, வா. கழுத்துத் துணி உள்ளே இழுத்து வெளியே புடைத்தது, காற்று மட்டும் வந்தது.

"அம்மி? வரட்டா?"

அம்பரீன் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தூபா அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாயின் கைக்கு அடியில் நுழைந்து டேப்லெட்டிடம் ஓடினாள்.

ஜனவரியில் முடிவுகள் வந்தன. மெஹக் இரண்டு அரியரையும் முடித்தாள். குழுவில் நன்றிகளாகக் குவிந்தன. அதற்கப்புறம்தான் நான் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேன், அம்பரீனின் சம்மதத்தோடு. சிலர் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள்.

கதிர்வீச்சு முடிந்துவிட்டது. நோய் இப்போதைக்கு இல்லை என்கிறார்கள். கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு கருவியில் பழக்கிக்கொண்டிருக்கிறாள். அதில் வரும் குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, ஒரே சுருதியில் ரீங்காரமிடும். கதிர்வீச்சில் கழுத்துத் தோல் இறுகியிருப்பதால் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்க மாட்டேன் என்கிறாள். வாரம் ஒருநாள், எழுதி மட்டும், பத்துப் பதினைந்து பேருக்குச் சந்தேகம் தீர்க்கிறாள். மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் வருகிறார்கள்.

இது ஏப்ரல். மறுபடி தேர்வு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவளுடைய வீடியோக்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நேற்று ஒரு பையன் கலைப்புக் கணக்குக்குக் கீழே எழுதியிருந்தான்: 'மேம், உங்க வாய்ஸ் கேட்டா தூக்கமே வரல, சூப்பர். கடைசில மட்டும் ஏன் பேசாம எழுதறீங்க?'

அவள் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.